ஏகாதசி விரதம் பத்தி பொண்ணுக்கு லெட்டர்

"ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணு ஏம்மா மாசம் ரெண்டு நாள் பட்டினி கிடக்குறன்னு கேக்குறா. லெட்டர்ல எழுதலாம்னு இருக்கேன், ஆனா நீயும் இருன்னு சொல்ற மாதிரி ஆகிடக்கூடாது. எப்படி எழுதறது?"

அக்கா, முதல்ல நீங்க என்ன செய்றீங்கன்னு மட்டும் எழுதுங்க. தசமி அன்னைக்கு ஒரு வேளை சாப்பாடு, ஏகாதசிக்கு அரிசி சேக்காம துளசி தீர்த்தம், முடியலன்னா பால் பழம், மறுநாள் துவாதசி காலைல அகத்திக்கீரை பொரியல், நெல்லிக்காய் பச்சடி, சுண்டைக்காய் வச்சு பாரணைன்னு வரிசையா சொல்லுங்க, காஞ்ச வயித்துக்கு அகத்தி குளிர்ச்சின்னுதான் நம்ம வீடுகள்ல முதல்ல அதை வைக்கிறாங்க, இதெல்லாம் அவ சின்ன வயசுல அடுப்படில பாத்ததுதான், படிச்சதும் புரிஞ்சிடும்.

அடுத்து உங்க காரணம். அன்னைக்கு சமையல் பேச்சே இல்லாம பெருமாளை நினைக்க ஒரு நாள் கிடைக்குதுன்னா அதையே எழுதுங்க, புண்ணியக் கணக்கு வேணாம். முக்கியமா "உனக்காகத்தான் இருக்கேன்"னு எழுதாதீங்க, பாசமாத்தான் சொல்வீங்க, ஆனா அவளுக்கு அது கடன் மாதிரி ஏறிடும். அவ பேர்ல ஏதாவது வேண்டிக்கிட்டிருந்தா "அது நான் வேண்டினது, நானே முடிச்சுக்கறேன், உன் தலைல வராது"ன்னு தெளிவா எழுதிடுங்க.

கடைசியா இந்த மாதிரி போடலாம்: "ஏகாதசி அன்னைக்கு நீ போன் பண்ணா மெஸ்ல என்ன சாப்பிட்டேன்னு தாராளமா சொல்லு, எனக்கு கேக்கணும். எப்பவாவது இருக்கணும்னு தோணினா கேளு, சொல்லித் தரேன். தோணலன்னா நான் கேக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வரிய எழுதினா அப்புறம் போன்ல நிஜமாவே கேக்கக்கூடாதுக்கா.