இலங்கையில சம்பளத்துல வெட்டுற ஏபிஐடி வருமான வரியும் உண்மையா கட்டவேண்டிய வரியும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில இருந்து: அண்ணா, 2025 ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மாசம் 2,50,000 சம்பளம், 8,000 வெட்டினாங்க. பிறகு வேலைய விட்டுட்டன், வேற வருமானம் ஒண்டுமில்ல. வெட்டினது போனதுதானா?

போகல்ல தங்கச்சி, 48,000உம் திரும்பக் கேக்கலாம். கம்பெனி ஒவ்வொரு மாசமும் நீங்க வருசம் முழுக்க இதே சம்பளம் எடுப்பீங்கன்ற கணக்குலதான் வெட்டும். 1,50,000க்கு வரியில்ல, மிச்ச 1,00,000ல முதல் 83,333க்கு 6% அது 5,000, மீதி 16,667க்கு 18% அது 3,000, அப்பிடித்தான் 8,000 வந்தது. ஆனா உண்மையான வரி ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் கைக்கு வந்த மொத்தத்துக்குத்தான். உங்கட மொத்தம் 15 லட்சம், வருச விலக்கு 18 லட்சம், அப்ப வரி பூச்சியம். ஆனா தானா வராது, 2026 நவம்பர் 30க்குள்ள ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேக்கணும், எவ்வளவு வெட்டினாங்கன்னு காட்டுற டி-10 சர்டிபிகேட்டையும் கம்பெனிட்ட வாங்கி வைங்க.

வெள்ளவத்தையில இருந்து: எனக்கும் 2,50,000தான், வருசம் முழுக்க வேலை. ஏபிஐடி வெட்டியாச்சு, ஃபிக்ஸ்ட் டெபாசிட் வட்டி 2 லட்சத்துக்கு பேங்கும் 10% வெட்டியாச்சு. அப்ப கணக்கு முடிஞ்சுதுதானே?

சம்பளத்துக்கு மட்டும் சரி, வெட்டின 96,000தான் அதுக்கு வரியும். வட்டியிலதான் பிழைக்குது. பேங்குக்கு உங்கட சம்பளம் தெரியாது, அதால பொதுவா ஒரே 10%, அதாவது 20,000. ஆனா அந்த 2 லட்சம் சம்பளத்துக்கு மேல ஏறி 18% படியில நிக்குது, வரி 36,000. மிச்ச 16,000ஐ நீங்கதான் கட்டணும். இத நிறையப் பேர் தெரியாம விட்டுட்டு நோட்டீஸ் வந்தாப் பிறகு ஓடித்திரியிறாங்க, பாக்கக் கவலையா இருக்கும்.

தெஹிவளையில இருந்து: எனக்கு 8% வெட்டுறாங்க, அதையும் ரீஃபண்ட் கேக்கலாமா?

அது ஈபிஎஃப் ஐயா, வரியில்ல, உங்கட சொந்தச் சேமிப்பு. பேஸ்லிப்ல ஏபிஐடின்னு தனியா ஒரு கழிவு இருக்கான்னு பாருங்க. இன்னொண்டு, ஏபிஐடி கணக்குப் பாக்கிறது ஈபிஎஃப் கழிக்க முந்தின சம்பளத்துக்கு.

மட்டக்குளியில இருந்து: பழைய கம்பெனி வெட்டிச்சு, ஆனா டி-10 தரமாட்டாங்களாம். வெட்டின காச இறைவரிக்கு அனுப்பாம விட்டிருந்தா என்ன செய்ய?

முதல்ல எழுத்துல கேளுங்க, ஈமெயில் போதும். பேஸ்லிப் ஒவ்வொண்டையும் சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மெண்டையும் சேத்து வைங்க, வெட்டினதுக்கு உங்கட கையில இருக்கிற சாட்சி அதுதான். அதோட உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய் உங்கட டின் நம்பருக்குக் காசு வந்திருக்கான்னு கேளுங்க. வந்திருந்தா பெரிய பிரச்சினையில்ல. வரல்லன்னா பேஸ்லிப்ப மட்டும் வச்சு கழிச்சுத் தருவாங்கன்னு நான் வாக்குத் தர மாட்டன், அது அந்த ஃபைலப் பாக்கிற ஆபிசரோட பேசித்தான் தெரியும்.