நிறுவனர், புரமோட்டர், எம்.டி., சேர்மன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"டைட்டன் கம்பெனியின் பங்கு வாங்கலாம் என்று அதன் விவரங்களைப் படித்தேன். சேர்மன் இடத்தில் தமிழக அரசின் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருக்கிறார். இது டாடா கம்பெனி என்றுதானே ஊரெல்லாம் பேச்சு? அப்படியானால் முதலாளி யார்?" – ஓசூர் வாசகர்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உங்கள் ஊர்க் கம்பெனியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்கு பதவிப் பெயரும் இங்கே நான்கு தனித்தனி இடங்களில் இருக்கின்றன.

1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது டைட்டன். பதிவு அலுவலகம் இன்றைக்கும் ஓசூர் சிப்காட்டில்தான். அதன் புரமோட்டர் என்ற தலைப்புக்குக் கீழே டிட்கோவும் டாடா தரப்பும் இருக்கும். டிட்கோவிடம் 28 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், டாடா தரப்பிடம் சுமார் 25 சதவீதமும் பங்கு உள்ளது. ஆக, தனி ஒரு தரப்பாகப் பார்த்தால் பெரிய பங்குதாரர் தமிழக அரசின் நிறுவனம். சேர்மன் நாற்காலியில் அந்தத் தரப்பிலிருந்து ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்காருவது இதனால்தான். அவருக்குத் துறை மாற்றம் வந்தால் சேர்மன் பெயரும் மாறும். கம்பெனிக்குள் ஏதோ பூசல் என்று அதைப் படித்துவிடாதீர்கள்.

இனி நிறுவனர். டைட்டன் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் செர்க்ஸஸ் தேசாய். முதல் எம்.டி.யாக இருந்து, கைக்கடிகாரத் தொழிலைக் கட்டி எழுப்பி, 2002 வரை நடத்தியவர் அவர். ஆனாலும் அவர் டாடா குழுமத்தில் வேலை பார்த்த நிர்வாகி, புரமோட்டர் அல்ல. அவருக்குப் பின் வந்த பாஸ்கர் பட், சி.கே. வெங்கட்ராமன் இருவரும் அப்படியே. அன்றாட வியாபாரத்தை நடத்துவது எம்.டி. நகைக்கடை எங்கே திறப்பது, கடிகாரத்துக்கு என்ன விலை வைப்பது என்பதையெல்லாம் சேர்மன் அதிகாரி தீர்மானிப்பதில்லை. இயக்குநர் குழுக் கூட்டத்தை அவர் நடத்துகிறார், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பங்கு முதலீட்டில் பேர்பெற்ற ஜுன்ஜுன்வாலா குடும்பம் பல ஆண்டுகளாக இந்தக் கம்பெனியில் 5 சதவீத அளவில் பங்கு வைத்திருப்பது ஊரறிந்த செய்தி. சந்தை மதிப்பில் அது மலைக்கவைக்கும் தொகை. ஆனால் அவர்கள் பெயர் 'பொதுமக்கள்' என்ற பிரிவில்தான் வரும். பணம் நிறையப் போட்டிருப்பதாலேயே ஒருவர் புரமோட்டர் ஆவதில்லை. கம்பெனிகள் சட்டம் 2013 பார்ப்பது வேறு: பங்கு வெளியீட்டு ஆவணத்திலோ ஆண்டு அறிக்கைப் படிவத்திலோ புரமோட்டர் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா, கம்பெனி அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அவர் சொல்படி நடப்பது இயக்குநர் குழுவுக்கு வழக்கமா. கடைசியாகச் சொன்னது முக்கியமானது. பதவி எதுவும் இல்லாமல் வீட்டிலிருந்தபடியே கம்பெனியை ஆட்டிவைப்பவரும் அதனால் புரமோட்டர் கணக்கில் வந்துவிடுவார். தொழில்முறையில் ஆலோசனை சொல்லும் ஆடிட்டர், வக்கீல் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

'முதலாளி யார்' என்று கேட்டீர்கள். ஒற்றை முதலாளி இல்லை. சேர்ந்து கட்டுப்படுத்துவது டிட்கோவும் டாடாவும், நடத்துவது எம்.டி. பங்கு வாங்கும் முன் கம்பெனி இணையதளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தோடு நிறுத்தாமல், பங்குச் சந்தைத் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் பங்குதாரர் பட்டியலைத் திறந்து பாருங்கள். புரமோட்டர் வரிசையில் அடமானம் வைத்த பங்குகளுக்கென்று ஒரு பத்தி இருக்கும். எந்தக் கம்பெனியானாலும் நான் முதலில் போய் நிற்பது அங்கேதான். அதில் எண்ணிக்கை ஒவ்வொரு காலாண்டிலும் ஏறிக்கொண்டே போனால், சேர்மன் உரை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் நான் தள்ளியே நிற்பேன்.

"கம்பெனியைத் தொடங்கியவர்தானே புரமோட்டர்? எல் அண்ட் டி விவரத்தில் புரமோட்டர் பங்கு பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே, அது தப்பா?" – அரூர் வாசகி

தப்பில்லை. நிறுவனர் என்பது நடந்து முடிந்த வரலாறு. அதை யாராலும் பறிக்க முடியாது. கம்பெனிகள் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கமோ, அதற்கென்று உரிமையோ பொறுப்போ இல்லை. புரமோட்டர் என்பது இன்றைய நிலை. இருக்கும், போகும்.

1938-இல் லார்சன், டூப்ரோ என்ற இரண்டு டென்மார்க்காரர்கள் தொடங்கிய கம்பெனி அது. பெயரிலேயே நிறுவனர்கள் இருக்கிறார்கள்; ஆனால் இன்று புரமோட்டர் என்று ஒருவரும் இல்லை. பங்கு முழுவதும் நிதி நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும் ஊழியர் அறக்கட்டளையிடமும் பரவிக் கிடக்கிறது. இன்ஃபோசிஸை எடுத்துக்கொண்டால் கதை வேறு. நிறுவனர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இன்னும் புரமோட்டர் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் சேர்ந்தும் 15 சதவீதத்துக்குக் கீழேதான். சேர்மன் நந்தன் நிலேகனி ஒரு நிறுவனர். எம்.டி. சலில் பரேக்கோ வெளியிலிருந்து வந்தவர்.

பட்டியலிடப்பட்ட கம்பெனியில் புரமோட்டர் ஒருவர் 'இனி எனக்குச் சம்பந்தமில்லை' என்று தானாகவே விலகிவிட முடியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிப்படி அவரிடமும் அவரைச் சேர்ந்தவர்களிடமும் 10 சதவீதத்துக்கு மேல் ஓட்டுரிமை இருக்கக் கூடாது, கட்டுப்பாடும் கூடாது, இயக்குநர் குழுவில் இடமும் கூடாது. பங்குச் சந்தையின் சம்மதமும் வேண்டும். ஆகவே நிறுவனர் பெயர் மட்டும் விவரத்தில் பெரிதாக இருந்து, புரமோட்டர் பட்டியலில் காணாமல் போயிருந்தால், அவர் எப்போது, எந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினார் என்று தேடிப் பார்ப்பது நல்லது.

"மாங்கூழ் கம்பெனி ஒன்றுக்குப் பெங்களூரா காய் கொடுத்தேன். பாதிப் பணம் நிலுவை. 'நிறுவனர்' என்று பெரிய படம் போட்டிருக்கும் பெரியவர், 'நான் இருக்கேன், பணம் வந்துடும்' என்கிறார். அவர் மகன் எம்.டி., மருமகன் சேர்மன். நான் யாரைப் பிடிப்பது?" – காவேரிப்பட்டணம் விவசாயி

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் காய் கொடுத்தது அந்த மூவரில் யாருக்கும் அல்ல, கம்பெனிக்கு. கடன் கம்பெனியுடையது. எழுத்தில் தனிப்பட்ட உத்தரவாதம் இல்லாதவரை, பெரியவரின் வீட்டையோ தோப்பையோ காட்டி நீங்கள் வசூலிக்க முடியாது. வங்கிக்காரர்கள் கடன் கொடுக்கும்போது புரமோட்டர்களிடம் தனியாகக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். நம் விவசாயிகள் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறோம்.

பெரியவர் இப்போது இயக்குநராகவாவது இருக்கிறாரா என்று பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால் இயக்குநர்களின் பெயரும் பதவியும் வரும். அவர் பெயர் அங்கே இல்லையென்றால், கம்பெனியின் சார்பில் வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியை நடத்தும் அதிகாரம் சட்டப்படி மகனிடம் இருக்கிறது. எம்.டி. என்றால், கம்பெனியின் விதிமுறையோ, ஒப்பந்தமோ, பங்குதாரர் அல்லது இயக்குநர் குழுத் தீர்மானமோ கணிசமான நிர்வாக அதிகாரத்தைக் கொடுத்திருக்கும் இயக்குநர். எனவே கொடுத்த காய் எத்தனை டன், என்ன விலை, பாக்கி எவ்வளவு என்று கம்பெனித் தாளில் மகனின் கையெழுத்தோடு ஓர் உறுதிக் கடிதம் வாங்குங்கள். கம்பெனித் தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் சின்னம் போட்ட தாளில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

காசோலை கொடுத்து அது திரும்பினால் இந்தப் பதவி வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கம்பெனியோடு சேர்த்து, அந்த நேரத்தில் வியாபாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் மீதும் வழக்குப் போடலாம். எம்.டி. அந்தப் பதவியாலேயே பொறுப்பில் இருப்பவர் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது. காசோலையில் கையெழுத்துப் போட்டவரும் மாட்டுவார். ஆனால் வெறுமனே இயக்குநர் என்பதால் மட்டும் ஒருவரை இழுக்க முடியாது. மருமகன் சேர்மன் என்று எழுதினால் போதாது, அவர் அன்றாட வியாபாரத்தைப் பார்த்தார் என்று புகாரில் சொல்லி, பிறகு நிரூபிக்கவும் வேண்டும். வங்கியிலிருந்து காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட அவர்களுக்கு 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். பெரியவர் 'அடுத்த வாரம்' என்று சொல்லிக்கொண்டே இந்தத் தேதிகளைக் கடத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தர்மபுரியில் ஒரு நிதி நிறுவனக்காரர் விசிட்டிங் கார்டில் 'மேனேஜிங் டைரக்டர்' என்று போட்டிருக்கிறார். நம்பலாமா?" – பாலக்கோடு வாசகி

கார்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தனியுரிமைக் கடைக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் சட்டப்படி எம்.டி. கிடையாது, உரிமையாளர் உண்டு, பங்காளி உண்டு. அவரிடம் கம்பெனிப் பதிவு எண் கேளுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பதிவான கம்பெனிகள் கோயம்புத்தூர் பதிவாளருக்குக் கீழ் வருவதால், எண்ணின் நடுவில் பெரும்பாலும் TZ என்ற எழுத்துகள் இருக்கும், அடுத்து பதிவான ஆண்டு. முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, U என்றால் இல்லை. '25 ஆண்டு அனுபவம்' என்று சொல்லும் கம்பெனியின் எண்ணில் 2022 என்று இருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் பாதி கிடைத்துவிட்டது. எண்ணே தர மறுத்தால் மீதியும் கிடைத்துவிட்டது. ஆனால் எண் சரியாக இருப்பதால் மட்டும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உரிமை வந்துவிடாது. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும்.

"ஒருவரே சேர்மன், எம்.டி. இரண்டும் ஆகலாமா?" – பர்கூர் வாசகர்

தனியார் கம்பெனியில் தாராளமாக. பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகள் இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று செபி கட்டாயமாக்க நினைத்து, 2022-இல் அதைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பிரித்து வைப்பதில் ஒரு பயன் உண்டு. எம்.டி. கொண்டுவரும் திட்டத்தை அவரே தலைமை தாங்கி அவரே நிறைவேற்றிக்கொள்வது குறையும். இயக்குநர் குழுவில் ஓட்டு சமமாகப் பிரிந்தால், சட்டத்தின் மாதிரி விதிமுறைப்படி சேர்மனுக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. நான்கு இயக்குநர் உள்ள குடும்பக் கம்பெனியில் அண்ணன் தம்பி இருபக்கமாகப் பிரியும்போதுதான் இந்த ஓட்டின் அருமை தெரியும்.

பட்டியலிடப்பட்ட கம்பெனியின் சேர்மன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தாலோ, புரமோட்டராக அல்லது அவருக்கு உறவினராக இருந்தாலோ, இயக்குநர் குழுவில் பாதிப் பேராவது புரமோட்டரோடு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத சேர்மன் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். எம்.டி. நியமனம் ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் கூடாது; மறுபடி நியமிக்கலாம். சேர்மன் பதவிக்கு அந்த 5 ஆண்டுக் கெடு இல்லை. சில விவரங்களில் 'கௌரவ சேர்மன்' என்று ஒரு வரி இருக்கும். அது மரியாதைப் பட்டம். அவர் தனியாக இயக்குநராகவும் இருந்தால் ஒழிய கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை.