ரெண்டும் குறைந்திருந்தால் எந்த நோய்?

கேள்வி: கடலூரில் எம்பிபிஎஸ் கடைசி வருடம் படிக்கிறேன். மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் FEV1, FVC ரெண்டும் குறைந்திருந்தால் ரெஸ்ட்ரிக்டிவ் என்று எழுதிவிடுகிறேன், பாதி நேரம் தப்பாகிறது. எதை முதலில் பார்ப்பது?

பதில்: FEV1-ஐ FVC-யால் வகுத்தால் வரும் விகிதத்தை. முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதினால் வரும் மொத்தக் காற்று FVC. அதில் முதல் விநாடியில் வருவது FEV1. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாகத்தான் வரும், முதல் விநாடியின் பங்கு குறையும்; இது அப்ஸ்ட்ரக்டிவ். நுரையீரலே விரியாமல் சிறுத்திருந்தால் இருக்கிற காற்றே கொஞ்சம்தான், ஆனால் அது சட்டென்று வந்துவிடும்; இது ரெஸ்ட்ரிக்டிவ்.

ஒரு கணக்கு பாருங்கள். 62 வயது, கடலூர் முதுநகரில் படகு வேலை, முப்பது வருட பீடி. FVC 2.0 லிட்டர், அவர் வயது உயரத்துக்கு இருக்க வேண்டியதில் 56%. FEV1 1.0 லிட்டர், 37%. இரண்டும் குறைவுதான். ஆனால் 1.0 / 2.0 = 0.50. 0.70-க்குக் கீழே போனதால் அப்ஸ்ட்ரக்டிவ். பிறகு FVC ஏன் குறைந்தது? காற்று வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. நுரையீரல் கொள்ளும் மொத்தக் காற்றான TLC 112%, முழுதாக ஊதிய பிறகும் உள்ளே தங்கும் காற்றான RV 200% என்று கொடுத்திருந்தால் அதுதான் சாட்சி: நுரையீரல் சிறுக்கவில்லை, உப்பியிருக்கிறது. அதே FVC-யோடு FEV1 1.7 என்றால் விகிதம் 0.85, TLC-யும் 60% என்றால் அது ரெஸ்ட்ரிக்டிவ்.

இப்போது ஓர் எச்சரிக்கை. ஹாஸ்டலில் கைமாறும் ‘ஒரே பக்க’ நோட்ஸ்களில் சதவீதத்தைச் சதவீதத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். FEV1 2.1 லிட்டர் 78%, FVC 3.2 லிட்டர் 89% என்று இருக்கட்டும். சதவீதத்தை வகுத்தால் 0.88, நார்மல் என்று ஏமாறுவீர்கள். லிட்டரை வகுத்தால் 0.66, அப்ஸ்ட்ரக்டிவ். காசு வாங்கிக்கொண்டு இதைத் தப்பாக விற்பவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம்.

இன்னொரு பொறி, வார்டில் நான் அடிக்கடி பார்ப்பது. நோயாளி இரண்டு விநாடி ஊதிவிட்டு நிறுத்திவிடுவார். மீதிக் காற்று கணக்கில் வராது, FVC பொய்யாகக் குறையும், விகிதம் பொய்யாக ஏறும், ஆஸ்துமாக்காரர்கூட ரெஸ்ட்ரிக்டிவ் போலத் தெரிவார். வரைபடத்தில் கோடு மேலே ஏறிச் சமமாகப் படுக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்திருந்தால் அந்தப் பரிசோதனையை நம்பாதீர்கள். தேர்வுத்தாளில் வரைபடமே தராமல் நான்கு எண்களை மட்டும் போட்டு மாணவரைச் சோதிப்பது என்ன நியாயமோ! எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை.

சரி, விகிதம் நார்மல், FVC குறைவு, TLC தரவில்லை என்றால்? ஸ்பைரோமெட்ரி உள்ளே தங்கிய காற்றை அளக்காது. அதனால் ‘ரெஸ்ட்ரிக்டிவ்’ என்று முடித்துவிடாமல், ‘ரெஸ்ட்ரிக்டிவ் சந்தேகம், TLC பார்த்து உறுதி செய்ய வேண்டும்’ என்று எழுதுங்கள்.