கயல்விழி சாமி பெயரா, இல்லையா?

“மயிலாப்பூரில் இருக்கிறோம். பெண்ணுக்குக் கயல்விழி என்று வைக்க ஆசை. மாமியார் சாமி பெயர்தான் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?”

தாராளமாக வையுங்கள், அது மீனாட்சிக்கு நெருங்கிய உறவுப் பெயர். மீன், அக்ஷி (கண்) சேர்ந்தது மீனாட்சி. கயல் என்றால் கெண்டை மீன். கெண்டையின் நீண்ட, இரு முனையும் குறுகிய உடலைப் பார்த்தால் கண்ணுக்கு ஏன் அதைச் சொன்னார்கள் என்று உடனே புரியும்.

கயல்விழி தனித்தமிழ்ப் பெயராகவே பரவியதால் மாமியாருக்குச் சாமி நினைவு வராமல் இருக்கலாம். சம்பந்தர் தேவாரத்தில் ‘மங்கையர்க்கரசி’ என்று தொடங்கும் ஆலவாய்ப் பதிகத்தை எடுத்துக் காட்டுங்கள். முதல் பாட்டிலேயே மதுரை அம்மனை ‘அங்கயற்கண்ணி’ என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

ஒன்று மட்டும்: கயல்விழி தனியாக நின்றால் அழகிய கண்ணுடைய எந்தப் பெண்ணையும் குறிக்கும். அம்மன் பெயரேதான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தால் அங்கயற்கண்ணி என்றே பதியுங்கள், வீட்டில் கயல் என்று கூப்பிடலாம்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் கிடையாது. அவசரப்படாமல் பேசி முடிவு செய்யுங்கள்.