லீவு அறிவித்தல்: திகதி இல்லாவிட்டால் தகராறு

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: நிறுவனம் லீவு விதியை மாற்றிச் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது, என்ன செய்வது?

மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேற்று லீவு 42 நாட்கள்தான் என்று புதிய அறிவித்தலிலும் இருக்கிறதே? (மட்டக்களப்பு)

பழைய கையேட்டைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். 2018 திருத்தத்துக்குப் பின்னர் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவரானால் அந்த 84இல் வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் சேராது.

வருடாந்த லீவையும் அமய லீவையும் சேர்த்து மொத்தம் 14 என்று அறிவிக்கலாமா? (அக்கரைப்பற்று, கடை உரிமையாளர்)

முடியாது. 14 வேறு, 7 வேறு.

டிசம்பருக்குள் எடுக்காத லீவு இனி ரத்து என்றும், "உடனடியாக அமுலுக்கு வரும்" என்றும் நவம்பர் 20ஆம் திகதி அறிவித்தோம். ஊழியர்கள் கொதிக்கிறார்கள். (கல்முனை, மனிதவள அலுவலர்)

கொதிக்காமல் என்ன செய்வார்கள்? "உடனடியாக" என்பது திகதி அல்ல என்று எத்தனை தடவைதான் எழுதுவது? கையெழுத்திட்ட நாளா, ஒட்டிய நாளா, ஊழியர் வாசித்த நாளா என்று மூன்று பேர் மூன்று விதமாக எண்ணுவார்கள்.

நீங்கள் அனுப்பிய விபரத்தையே எடுத்துக்கொள்வோம். களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்த ஆண்டு 14 நாட்கள். ஐந்தை எடுத்துவிட்டார், ஒன்பது மீதம். மிகுதியை மார்ச் இறுதி வரை எடுக்கலாம் என்பதுதான் இதுவரை உங்கள் விதி. அதை நம்பித்தான் பொங்கலை ஒட்டி ஜனவரியில் ஏழு நாட்கள் கேட்டார், மேலாளரும் ஒப்பமிட்டுவிட்டார். உங்கள் ஒரு வரி அந்த ஒப்பத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டது. இனி அந்த ஒன்பதையும் சுமார் முப்பது வேலை நாட்களுக்குள் அவர் எடுத்து முடிக்க வேண்டும். களஞ்சியத்தில் மற்றவர்களுக்கும் இதே அவசரம். வியாபாரம் சூடுபிடிக்கும் டிசம்பரில் சாமான் இறக்க ஆள் இருக்காது. லீவை மறுத்தீர்களானால், எடுக்க விடாமலே ரத்துச் செய்தீர்கள் என்று தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போகும். அங்கே உங்கள் பக்கத்தில் பேசுவதற்கு ஒன்றும் இராது.

அறிவித்தலை மீளப் பெற்று இப்படி எழுதுங்கள்: "அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் உரித்தாகும் லீவை அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் எடுக்க வேண்டும். இந்த ஆண்டின் மிகுதியை முன்போலவே மார்ச் 31 வரை எடுக்கலாம். ஏற்கனவே அனுமதித்த லீவு மாறாது." மூன்று வசனம்தான். கீழே பழைய விதியையும் புதிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடியாத அறிவித்தலைச் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்கள். இன்னொன்று: மாற்றுமுன் ஒவ்வொருவரின் நியமனக் கடிதத்தையும் பாருங்கள். லீவைச் சேர்த்து வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தால் சுற்றறிக்கையால் மட்டும் அதை அழிக்க முடியாது. அவரது சம்மதம் வேண்டும்.

எங்கள் கம்பனியின் புதிய லீவு முறை சரியா? (இடம் குறிப்பிடவில்லை)

எந்தத் தொழில், எப்போது சேர்ந்தீர்கள், என்ன மாறியது? ஒன்றையும் எழுதாமல் என்னிடம் குறி கேட்கிறீர்கள். அறிவித்தலின் பிரதியோடு மறுபடி எழுதுங்கள்.

சென்ற ஆண்டு மே மாதம் சேர்ந்தேன். இந்த ஆண்டு வருடாந்த லீவு 7 நாட்கள்தான் என்கிறார்கள். (களுவாஞ்சிகுடி, அலுவலக எழுதுநர்)

பத்து. முதல் காலாண்டில் சேர்ந்தவருக்கு 14, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 7, கடைசியில் 4. உங்களை ஒரு காலாண்டு தள்ளி எண்ணியிருக்கிறார்கள். நியமனக் கடிதத்தின் திகதியைக் காட்டுங்கள்.

அரிசி ஆலை அலுவலகத்துக்கு 7 நாள் அமய லீவு என்று அறிவித்தார்கள். ஆலைக்குள் வேலை செய்யும் எங்களுக்கும் உண்டா? (சம்மாந்துறை)

அறிவித்தலில் "யாருக்கு" என்ற வரி விடுபட்டதால் வந்த கேள்வி இது. அலுவலகத்தவர் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஆலைத் தொழிலாளர் சம்பளச் சபையின் கீழ். சம்பளச் சபைத் தொழில்களில் பெரும்பாலும் அமய லீவு சட்டக் கடமை அல்ல. ஆனால் "சகல ஊழியர்களுக்கும்" என்று முதலாளி எழுதி ஒப்பமிட்டிருந்தால் நீங்களும் கேட்கலாம். ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கழற்றிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா? (ஏறாவூர்)

போதாது. அச்சிட்டுக் கொடுத்து, வாசித்ததாகத் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். சிங்கள ஊழியர் இருந்தால் சிங்களத்திலும் வேண்டும். மகப்பேற்று லீவில் இருப்பவரின் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அநேகமாக எல்லா இடத்திலும் விடுபடுகிறவர் அவர்தான்.