மீட்டரில் இல்லாத 180 கிலோமீட்டர்

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து மணலி, எண்ணூர், மீஞ்சூர் என்று பைக்கில் போய் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். ஒன்பது வருஷ வேலை. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து நாலு நாள் மீட்டர் ஓடவில்லை. அந்த 180 கிலோமீட்டரையும் சேர்த்து 1,420 என்று போட்டு, 4.50 வீதம் 6,390 ரூபாய் வாங்கினேன். இப்போது பொய் க்ளெய்ம் என்று மெமோ. மேனேஜருக்கு என் மேல் பகை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மேனேஜரின் பகையையும் ஒன்பது வருஷத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய சர்க்குலரில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்தான். மீட்டர்படி 1,240 கிலோமீட்டருக்கு 4,960 ரூபாய். நீங்கள் 1,430 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள். இதில் 710 ரூபாய், 50 பைசா கூடுதல் ரேட்டால் வந்தது. அது வெறும் கணக்குத் தகராறு, திருப்பிக் கொடுத்தால் தீரும். மீதி 720 ரூபாய்தான் உங்கள் வேலையைப் பறிக்கக்கூடியது.

காரணம், படிவத்தில் முடிவு ரீடிங் 39,832 என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதப் படிவத்தில் தொடக்க ரீடிங் 39,652. ஓடிய வண்டியின் மீட்டர் பின்னால் போகாது. ஆடிட்டில் இப்படித்தான் பிடிக்கிறார்கள். நீங்கள் நிஜமாகவே 180 கிலோமீட்டர் போயிருக்கலாம், ஆனால் மீட்டர் காட்டாத எண்ணை ரீடிங் என்று எழுதிவிட்டீர்கள். அது தவறா, ஏமாற்றும் எண்ணமா என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு உங்கள் கையாலேயே பாதகமான பதில் எழுதி வாங்குவதுதான் அந்தக் கடிதம். என் கட்சிக்காரர் ஒருவர் "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதுவதாக நினைத்து, "பொய்யாக எழுதிப் பணம் பெற்றேன்" என்று தயாராக இருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நிர்வாகத்துக்குச் சாட்சியே தேவைப்படவில்லை, விசாரணை அந்த ஒரு தாளோடு முடிந்தது. தொகை சிறியது என்பதும் காப்பாற்றாது. சில ரூபாய் டிக்கெட் விவகாரங்களில் கண்டக்டர்களின் வேலைநீக்கத்தை உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது. உள் விசாரணையில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

இன்னொன்று: மெக்கானிக்கிடம் பழைய தேதி போட்டு பில் வாங்காதீர்கள். அது தெரிந்தால் 720 ரூபாய் விவகாரம் போலி ஆவண விவகாரமாகிவிடும். கேபிள் மாற்றிய உண்மையான பில் இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால், அந்த நாலு நாளும் கஸ்டமர் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டுகள் போதும். எந்த நாள் எந்தக் கம்பெனி என்பதிலிருந்து தூரம் கணக்கிடலாம்.

கெடுவுக்குள் பதில் கொடுங்கள். கேபிள் அறுந்தது, ஓடிய தூரத்தைக் கூட்டி ரீடிங்காக எழுதியது தவறு, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 710 ரூபாயைச் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதியுங்கள். 720 ரூபாயை ரிப்போர்ட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள், ஏற்காவிட்டால் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமல் அதையும் கட்டிவிடுவதாகச் சொல்லுங்கள். எச்சரிக்கையோடு மெமோவை முடிக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 39,832-ஐ வைத்துக்கொண்டு லேபர் கோர்ட் வரை போக நான் சொல்ல மாட்டேன்.