கவர் போட்டதும் கோல் அறுகிறதா?

புறக்கோட்டையில் 2,800 ரூபாவுக்கு அலுமினியக் கவர் வாங்கினேன். அன்று முதல் வீட்டில் கோல் அறுந்து அறுந்து போகிறது. கடையில் காட்டினால் அங்கே சிக்னல் முழுதாக நிற்கிறது. போனில்தான் பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
_வெள்ளவத்தை வாசகி_

உங்கள் போனில் பிழை இல்லை. இப்படி ஏமாந்து எழுதுபவர்கள் நிறையப் பேர்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. உண்மையான அளவு dBm என்ற எண். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் Settings, About phone, SIM status என்று போனால் Signal strength கிடைக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்க வேண்டும். எண் மைனஸில் வரும். 4ஜியில் -80 என்றால் அருமை, -100 பரவாயில்லை, -115ஐத் தாண்டினால் கோல் அறும்.

இந்த வாசகியை அளந்து அனுப்பச் சொன்னேன். வீட்டில் ஒரே மேசையில், போனைத் தொடாமல், கவர் இல்லாமல் -102. கவருடன் -116. வித்தியாசம் 14. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒன்றாகிவிடும். 14 குறைந்தால் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒன்றுதான் மிச்சம்.

சரி, கடையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அங்கே கோபுரம் பக்கத்தில் இருந்து -75 கிடைத்திருக்கும். அதில் 14 போனாலும் -89. கோடுகள் அசையாது, கோலும் தெளிவாக வரும். உங்கள் தொடர்மாடியின் உள்ளறையில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சிக்னலைத்தான் அதே கவர் தள்ளி விழுத்துகிறது. அதனால் கடைக்குள் வைத்துச் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. இதைத் தெரிந்தும் அங்கேயே சோதித்துக் காட்டி வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்கும் வியாபாரிகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

உலோகச் சட்டம் உள்ள போனின் விளிம்பில் மெல்லிய கோடுகள் தெரியும். அவை அழகுக்கு இல்லை. சட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து அன்டெனாவாக வேலை செய்ய வைக்கும் இடைவெளிகள். அவற்றின் மேல் இன்னொரு உலோகச் சட்டத்தை மாட்டினால் அலையும் மறைகிறது, அன்டெனாவின் சுருதியும் கலைகிறது. ஈடுகட்டப் போன் கூடிய வலுவில் அலை அனுப்பும். அதனால் பற்றரியும் சீக்கிரம் இறங்கும்.

ரப்பர் கவர் என்றாலும் கவனம். கார் ஹோல்டரில் ஒட்டவென்று நான் வாங்கிய ஒன்றில், முதுகு முழுக்க இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. காலி வீதியில் வரைபடம் பாதியில் நின்றபோதுதான் பிரித்துப் பார்த்தேன். வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், இரும்பு காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவுகளைப் படமெடுத்து, பில்லுடன் மறுபடி கடைக்குப் போங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977இல் அழையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

கேம் விளையாடும்போது மட்டும் நெட் விழுகிறது. போனை மாற்றட்டுமா?
_கொட்டாஞ்சேனை_

வேண்டாம். படுக்கையாகப் பிடிக்கும்போது இரண்டு உள்ளங்கையும் போனின் இரு முனைகளையும் மூடுகின்றன. அன்டெனாக்கள் பெரும்பாலும் அந்த முனைகளில்தான் இருக்கும். ஈரமுள்ள சதை அலையை உறிஞ்சும், இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். 2010இல் வந்த ஐபோன் 4இல் இடது கீழ்மூலை இடைவெளியைக் கை மூடியதும் சிக்னல் விழுந்து பெரிய சர்ச்சையானது. ஆப்பிள் இலவசமாகக் கவர் கொடுத்தது, கை நேரே உலோகத்தில் படாமலிருக்க. நீங்கள் மேசையில் வைத்து ஒருக்கா, கையில் பிடித்து ஒருக்கா எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பொறுங்கள். மூன்று நான்கு வித்தியாசம் சும்மாவே வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

லிஃப்டில் ஏறினால் கோல் கட். புதுப் போன், திருப்பிக் கொடுக்கலாமா?
_பம்பலப்பிட்டி_

முடியாது. லிஃப்ட் ஓர் இரும்புப் பெட்டி, அது கொங்கிரீட் குழிக்குள் ஓடுகிறது. எந்தப் போனுக்கும் அங்கே இந்தக் கதிதான். சில கட்டடங்களில் குழிக்குள்ளேயே அன்டெனா பொருத்தியிருப்பார்கள். அதை உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். வெளியே வந்தும் சிக்னல் திரும்பாவிட்டால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் போனைத் தடவாமல் அலாரப் பொத்தானை அமத்துங்கள்.

போனுக்குப் பின்னால் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கர் 450 ரூபா. வாங்கலாமா?
_தெஹிவளை_

வாங்காதீர்கள், எதனோடும் தொடர்பில்லாத உலோகத்தாள் அது.